பெரிய பிள்ளையாகப் பிறந்தால் உயரமாக வளருமா? கர்ப்பகால இனிப்புநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் தாய்சேய் மிஸியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பால்மரம் போய் செம்பனை வந்த காலம் முழுக்கப் பிள்ளைகளை எடை போட்டு, நீளம் அளந்து, வளர்ச்சிக் கோடுகள் உள்ள புத்தகத்தில் புள்ளி வைத்ததுதான் என் வேலை. இன்றும் கோயிலில், கல்யாண வீட்டில், சந்தையில் பிடித்து வைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

மிஸி, பையன் 4.3 கிலோ. அவங்க அப்பாவை விட உயரமா வருவான்தானே?

எடையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் கர்ப்பத்தில் இனிப்புநீர் இருந்திருந்தால் அறவே சொல்ல முடியாது. அந்த 4.3 கிலோ பிள்ளையின் எலும்பு எவ்வளவு நீளும் என்பதைக் காட்டவில்லை. கடைசி மூன்று மாதம் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. உயரத்தின் கணக்கு பிறந்த பிறகு, ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் தெரியவரும்.

இனிப்புநீர் எனக்குத்தானே, பிள்ளை எப்படிப் பெருக்கும்?

நஞ்சுக்கொடி வழியாக உங்கள் சர்க்கரை பிள்ளைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளையின் ரத்தத்திலும் ஏறும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தன் சொந்த இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்காது, உடம்பையும் வளர்த்துவிடும். ஜோர்கன் பெடர்சன் என்ற டென்மார்க் மருத்துவர் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார்.

ஆனால் அந்த இன்சுலின் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வளர்ப்பதில்லை. கொழுப்பு, கல்லீரல், இதயத் தசை, தோள், வயிறு எல்லாம் பெருக்கும். மூளையும் தலையும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் ஸ்கேனில் தலை அளவு சாதாரணமாக இருக்க, வயிற்றுச் சுற்றளவு மட்டும் கோட்டைத் தாண்டி ஏறுகிறது. பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கூட நின்றவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று. பல மருத்துவமனைகளில் இனிப்புநீர் உள்ள தாய்க்கு ஸ்கேன் எடை 4 கிலோவைத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். ஸ்கேன் எடை பத்து பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 4 கிலோ என்று சொல்லி 3.5 கிலோவில் பிறந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, எதுக்கு அந்தக் குளுக்கோஸ் தண்ணி?

தொந்தரவு தெரியாது என்பதால்தான். இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரத்தில் 7.8. இதில் ஏதாவது ஒன்றை எட்டினாலோ தாண்டினாலோ நம் மலேசியாவில் கர்ப்பகால இனிப்புநீர் என்று எழுதுவார்கள். அப்பா அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்தாலோ, முந்தைய பிள்ளை 4 கிலோவைத் தாண்டிப் பிறந்திருந்தாலோ முதல் வருகையிலேயே செய்யச் சொல்வார்கள். அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை உண்டு.

"கொஞ்சம்தான் தாண்டியிருக்கு, ஒன்றும் ஆகாது" என்று வீட்டில் சொல்வார்கள். 2008-இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வு பல நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைப் பார்த்தது. இந்த எண்ணுக்குக் கீழே பயமில்லை, மேலே ஆபத்து என்று ஒரு வேலி அதில் கிடைக்கவில்லை. சர்க்கரை படிப்படியாக ஏற ஏற, பெரிய பிள்ளை பிறப்பதும் படிப்படியாகக் கூடியது. கொஞ்சம் ஏறினால் கொஞ்சம் பெருக்கும்.

வெறும் வயித்துல சரியா இருக்கு, காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஏறுது. ஏன்?

கர்ப்பத்தில் காலை நேரத்தில் உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவாக மசியாது. இரவில் தாங்கும் அதே சாப்பாடு காலையில் ஏற்றிவிடும். தோட்டத்தில் பெரட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் டின்பால் ஊற்றிய தே தாரிக்கும் இரண்டு ரொட்டியும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் பிரிப்பார்கள். பரிசோதனை நாளில் அந்த டீயை யாரும் கணக்கில் சொல்வதில்லை. டின்பால் பெரும்பாலும் சீனிதான். டீயைச் சீனி இல்லாத பாலுக்கு மாற்றி, காலைச் சோற்றைப் பாதியாக்கி, கூட ஒரு முட்டையும் கீரையும் வைத்தாலே பலருக்குச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்து எண் 7.8-க்குக் கீழே வந்துவிடும். வராவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின். இன்சுலின் போட்டால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பயந்து நிறுத்தாதீர்கள். ஊசியில் போகும் இன்சுலினும் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை.

பிள்ளை கொழுகொழுன்னு இருந்துச்சு, ஏன் குதிகால்ல குத்திக் குத்தி ரத்தம் எடுத்தாங்க?

தொப்புள்கொடியை வெட்டியதும் உங்களிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். ஆனால் பிள்ளையின் கணையம் பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். பிறந்து முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை சரிந்துவிடும். உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருந்தும், அந்த இன்சுலின் அதைக் கரைக்க விடாது. பார்க்க ரொம்பத் திடமாக இருக்கும் பிள்ளைதான் வார்டிலேயே சீக்கிரம் தளர்ந்துபோகும்.

என் தங்கை மகளின் பிள்ளையை நானே பார்த்தேன். 4.2 கிலோ, சிவந்த முகம், மூடிய கண், கழுத்தில் மடிப்பு. நல்லா தூங்குது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தால் ஒரு கை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்கும் கையைப் பிடித்து மடக்கினால் நின்றுவிடும் என்பார்கள். நான் பிடித்தேன், நின்றது, விட்டதும் மறுபடி நடுங்கியது. பிடித்தால் நிற்பதால் அது வலிப்பு இல்லை என்று தெரியும், சர்க்கரை இறங்கவில்லை என்று தெரியாது. வார்டு மிஸியைக் கூப்பிட்டோம். குதிகாலில் எடுத்த ரத்தத்தில் 1.9. 2.6-க்குக் கீழே போனால் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே பால் கொடுத்து, ஏறாததால் டிரிப் போட்டு, மறுநாள் சரியாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும், ஒவ்வொரு முறை பால் குடிப்பதற்கு முன்னும் குதிகாலில் குத்துவதும் இதற்காகத்தான். பிள்ளை அசந்து தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். உதடு சப்பாமல், உடம்பு துவண்டு, அழுகை மெலிந்து இருந்தால் அது தூக்கம் இல்லை.

நீளமும் 52 சென்டிமீட்டர்னு எழுதியிருக்கே. அது உயரம் இல்லையா?

ஆண் பிள்ளையின் நடுத்தர நீளம் பிறக்கும்போது 50 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. உங்கள் பிள்ளை 2 சென்டிமீட்டர் கூட. 52 சென்டிமீட்டர் உள்ள பையன் வழக்கமாக 3.8 கிலோ இருப்பான், இவன் 4.3. மிச்ச அரை கிலோ பெரும்பாலும் கொழுப்பு. நீளத்தையும் இன்சுலின் சற்று இழுத்துவிடும், ஆனால் கொழுப்பை ஏற்றும் அளவுக்கு இல்லை.

அந்த 2 சென்டிமீட்டரைக்கூட அப்படியே நம்ப வேண்டாம். பிறந்த அன்று அவசரத்தில் கட்டிலில் டேப் வைத்து அளந்தால், கால் மடங்கி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சுலபமாக மாறிவிடும். சரியான முறை பலகையில் படுக்க வைப்பது. ஒருவர் தலையைப் பலகையின் முனையில் பதித்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தில் அசையும் கட்டையை ஒட்டவேண்டும். பிள்ளை கத்தும், பரவாயில்லை.

வயிற்றுக்குள் பிள்ளையின் நீளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அங்கு கிடைக்கும் இடமும் உணவும் இன்சுலினும்தான். அப்பா அம்மாவிடமிருந்து வந்த உயரம் அங்கே முழுதாகத் தலைகாட்டுவதில்லை. பிறந்த பிறகுதான் வளர்ச்சி ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும், பிள்ளை தன் குடும்பத்துக்குரிய பாதைக்கு நகரும்.

முதல்ல மேல் கோட்டுல இருந்தான், இப்ப இறங்கிட்டே வர்றான். பால் பத்தலையா?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு முக்கியமானது இதுதான். இதில்தான் நல்ல எண்ணத்தோடு நிறையப் பிழை நடக்கிறது. ஒரு பிள்ளையின் கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

அப்பா மில்லில் வேலை, 165 சென்டிமீட்டர். அம்மா 152. கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் இனிப்புநீர் தெரிந்தது, கட்டுப்பாடு சரியாக அமையவில்லை. பையன் 38 வாரத்தில் 4.3 கிலோ, 52 சென்டிமீட்டர். புத்தகத்தில் எடைப் புள்ளி மேல் கோட்டை ஒட்டி. வீட்டில் பெரிய சந்தோஷம். ஆறு மாதத்தில் 67.5 சென்டிமீட்டர், 8.2 கிலோ, இரண்டும் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டன. ஒரு வயதில் 74.5 சென்டிமீட்டர், 9.4 கிலோ, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

அந்த அம்மா அழுதுகொண்டு வந்தாள். "என் பால் தண்ணியா போச்சுன்னு அத்தை சொல்றாங்க." பிள்ளையின் ஏழாவது மாதத்திலேயே புட்டியில் மாவுப்பாலும், அதில் கரைத்த அரிசிக் கூழும் ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளை புட்டியைத் தள்ளுகிறான், வாந்தி எடுக்கிறான், மறுபடி ஊட்டுகிறார்கள்.

நான் அவளிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன். முதலாவது, நீளத்துக்கு ஏற்ற எடைப் படம். 74.5 சென்டிமீட்டருக்கு 9.4 கிலோ, அப்படியே நடுக்கோடு. மெலியவே இல்லை. இரண்டாவது, பிள்ளை. பிடித்துக்கொண்டு நிற்கிறான், என் பேனாவைப் பிடுங்குகிறான், நாளைக்கு ஆறேழு பெம்பர்ஸ் நனைகிறது. மூன்றாவது, அப்பா அம்மா. இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, பாதியாக்க வேண்டும். 165, 152, 13 சேர்ந்து 330. பாதி 165. பெண் பிள்ளையாக இருந்தால் 13-ஐக் கழித்துப் பாதியாக்க வேண்டும். இவன் வளர்ந்து நிற்கப் போவது 165-ஐ ஒட்டி, எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே. உலக அட்டவணையின் நடுக்கோடு முடிவது 176 பக்கத்தில். அப்படியானால் இவனுக்கு உரிய பாதை நடுக்கோட்டுக்குக் கீழேதான். பிறந்தபோது இருந்த இடம் அவனுக்கு இரவல் இடம். இப்போது சொந்த இடத்துக்கு இறங்குகிறான்.

1976-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டேவிட் ஸ்மித்தின் குழு இதை அளந்து காட்டியது. பெரிதாகப் பிறந்து, குட்டையான பெற்றோருக்குப் பிள்ளையானவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்தில் இறங்க ஆரம்பித்து, ஒரு வயதைத் தாண்டியதும் தங்கள் பாதையில் நிலைத்தார்கள். சிறிதாகப் பிறந்த உயரக் குடும்பத்துப் பிள்ளைகள் அதே போல மேலே ஏறினார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே மூன்றில் இரண்டு பங்கு முதல் இரண்டு வருடத்தில் கோடு மாறுகிறார்கள்.

கூழை நிறுத்தச் சொன்னேன். வீட்டுச் சோறு, பருப்பு, மீன், முட்டை, கூடவே தாய்ப்பால். பதினெட்டு மாதத்தில் 80, இரண்டு வயதில் 84.5 சென்டிமீட்டர், 11.3 கிலோ. அதற்குப் பிறகு கோடு இறங்கவில்லை, நடுக்கோட்டுக்குக் கீழே அதற்கு இணையாக ஓடியது. இரண்டு வயது உயரத்தை இரட்டிப்பாக்கினால் பெரியவன் உயரம் தோராயமாக வரும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. போட்டுப் பாருங்கள், 169. அப்பா அம்மா கணக்கில் வந்த 165-க்குப் பக்கம்தான். பிறந்த அன்றைய 4.3-ஐ வைத்து இந்த எண்ணுக்கு வரவே முடியாது.

அப்ப எந்த இறக்கத்துக்குப் பயப்படணும்?

நீளத்துக்கு ஏற்ற எடை, படத்தின் கீழ்க்கோட்டை நோக்கிப் போனால், பிள்ளைக்கு உணவு போதவில்லை அல்லது உணவு உடம்பில் ஒட்டவில்லை. அப்போது பாலையும் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும், பேதி, சளி, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, எடை நன்றாக இருக்க நீளம் மட்டும் நின்றுபோனால் தைராய்டு மாதிரி ஹார்மோன் குறை இருக்கலாம். சாப்பாட்டைக் கூட்டினால் அது தீராது, டாக்டர் பார்க்க வேண்டும். மூன்றாவது, இரண்டு வயது தாண்டிய பிறகும் உயரக் கோடு தொடர்ந்து இறங்கினால் அதை இரவல் இடம் என்று விட முடியாது. அந்தக் கணக்கு அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். இரண்டு வயதில் படுக்க வைத்து அளப்பதிலிருந்து நிற்க வைத்து அளப்பதற்கு மாறுவார்கள். நிற்கும்போது ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் குறைந்து காட்டும். அதைப் பார்த்துப் பிள்ளை சுருங்கிவிட்டது என்று பதறி வந்தவர்கள் உண்டு.

எங்க வீட்ல எல்லாரும் உயரம். பிள்ளை 4.1 கிலோ, எனக்கு இனிப்புநீர் இல்லைன்னாங்க. அதுவும் சர்க்கரையாலயா?

பரிசோதனை சரியான வாரத்தில் செய்து சரியாக வந்திருந்தால், இல்லை. உயரமான வீட்டுப் பிள்ளை தலை, தோள், கால் எல்லாம் அளவாகப் பெரிதாக இருக்கும். சர்க்கரையால் பெருத்த பிள்ளைக்குத் தலை சாதாரணமாகவும் கன்னமும் தோளும் வயிறும் மட்டும் பெருத்தும் இருக்கும். உங்கள் பிள்ளை மேல் கோட்டிலேயே ஓடினால் ஆச்சரியமில்லை.

என் பிள்ளை 3.4 கிலோதான். அப்ப சர்க்கரை ஒன்னும் செய்யலைதானே?

எடை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் இந்தியப் பிள்ளைகளை இங்கிலாந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். புனே பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. ஆனால் இந்தியப் பிள்ளையிடம் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. நாம் அந்த வம்சாவளிதான். சிறிய உடம்புள்ள தாய்க்கு 3.4 கிலோ பிள்ளைகூட அதன் அளவுக்குக் கொழுத்ததாக இருக்கலாம். எடை என்னவாக இருந்தாலும் பிறந்ததும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்ப ஒன்னாம் வகுப்பு, வகுப்பிலேயே அவன்தான் உயரம். அப்ப பிறந்த எடை வேலை செஞ்சிருக்குதானே?

அவனுடைய எடையையும் சொல்லுங்கள். சிகாகோவில் இனிப்புநீர் உள்ள தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, பிறப்பில் இருந்த பெருத்த எடை ஒரு வயதுக்குள் சராசரிக்கு வந்தது, ஐந்து வயதுக்குப் பிறகு பலருக்கு மறுபடி ஏறியது. பெரிய பிறப்பு பிள்ளைப் பருவத்துக்குள் எதையாவது கொண்டுபோகிறது என்றால், உயரத்தை விட இந்த எடையைத்தான். அதிக எடையுள்ள பிள்ளைகள் ஏழெட்டு வயதில் வகுப்புப் பிள்ளைகளை விட உயரமாக இருப்பது வழக்கம். ஆனால் பலருக்குப் பருவ வயது சீக்கிரம் வந்து, வளர்ச்சியும் சீக்கிரம் நின்றுவிடும். பள்ளியில் முன்னால் இருந்தவன் பதினாறு வயதில் மற்றவர்களோடு சமமாக நிற்பான். அதனால் உயரத்துக்குச் சந்தோஷப்படுவதற்கு முன் அவனுக்குத் தினமும் எத்தனை பாக்கெட் இனிப்புத் தண்ணீர் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் இப்படித்தான் வருமா?

வர வாய்ப்பு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே குளுக்கோஸ் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். பிள்ளைக்கு ஊசி போடத் தவறாமல் வரும் அம்மாக்கள் தங்களுக்கான இந்தப் பரிசோதனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரியாக வந்தாலும் வருடம் ஒரு முறை பாருங்கள். கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தர இனிப்புநீர் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏழு மடங்குக்கு மேல். அடுத்த முறை நாள் தள்ளிப் போனதுமே கிளினிக்குக்குப் போய், முந்தைய பிள்ளை எத்தனை கிலோ என்பதை முதல் நாளே மிஸியிடம் சொல்லுங்கள்.

மேலே சொன்ன பையனின் அம்மா அப்படித்தான் செய்தாள். இரண்டாவது கர்ப்பத்தில் பத்தாவது வாரத்திலேயே கண்டுபிடித்து, டீயை மாற்றி, பிறகு இன்சுலினும் போட்டார்கள். பெண் பிள்ளை, 3.1 கிலோ, 49 சென்டிமீட்டர். குதிகாலில் எடுத்த சர்க்கரை முதல் தடவையிலிருந்தே சரியாக இருந்தது. "சின்னதா இருக்கே" என்று அத்தை கேட்டதற்கு, அவளே புத்தகத்தைத் திறந்து நடுக்கோட்டைக் காட்டினாள்.